சென்னைக்கு வேலைக்கு வந்தாச்சா? மெஸ்ஸில் மாதப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

சென்னையில் அறை கிடைத்த மறுநாள் எல்லோரும் தேடுவது மெஸ். வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கமெல்லாம் தெருவுக்கு ஒன்று இருக்கும். உள்ளே போய்க் கேட்டால் மூன்று வேளைக்கும் சேர்த்து மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள், அதை 90 வேளையால் வகுத்துப் பார்த்தால் ஓட்டல் விலையில் பாதிகூட வராது, சரி என்று அங்கேயே ஜிபே பண்ணிவிட்டு வந்துவிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்குப் பணம் அதிகமாகப் போவது இந்த இடத்தில்தான். மெஸ்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் 90 வேளைக்கு விலை சொல்கிறார், நாம் அதில் பாதிகூடச் சாப்பிடுவதில்லை.

அதனால் முதல் வேலை, ஒரு தாளை எடுத்து உங்கள் மாதத்தை எண்ணுவது.

எத்தனை வேளை சாப்பிடுவீர்கள்?

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மதுரையிலிருந்து வந்த ஒரு பையன், வேளச்சேரியில் அறை, கிண்டியில் வேலை, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 மணியிலிருந்து இரவு 7 வரை. மாதத்தில் இரண்டு வார இறுதி ஊருக்குப் போவான். மெஸ்ஸில் மூன்று வேளைக்கு 4,500 ரூபாய், அதாவது 30 நாளுக்கு 90 வேளை, ஒரு வேளை 50 ரூபாய். (விலை பேட்டைக்குப் பேட்டை மாறும், உங்கள் தெரு விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

இப்போது கழிப்போம். ஊருக்குப் போகிற இரண்டு சனி ஞாயிறு, நான்கு நாள், 12 வேளை. தெற்கே போகும் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புவதால் வெள்ளி மாலை ஆபீஸிலிருந்து நேராக அங்கே போய்விடுவான், அந்த இரண்டு ராத்திரிச் சாப்பாடும் போச்சு. திங்கள் விடிகாலை வந்து இறங்கிப் படுத்தால் காலை டிபன் இரண்டு போச்சு. மொத்தம் 16. சென்னையில் இருக்கும் வார இறுதிகளில் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான், மெஸ்ஸில் டிபன் ஒன்பதரைக்கே முடிந்திருக்கும், அது 4. நண்பர்களோடு வெளியே சாப்பிடுவது 2 ராத்திரி. வேலை நாட்களில் ஆபீஸில் லேட்டாகி மெஸ் மூடிய பிறகு வருவது 4 ராத்திரி என்று வையுங்கள். பெரிய ஓட்டை மதியம்: வேலை நாள் 22லும் மதியம் அவன் கிண்டியில் இருப்பான், மெஸ் வேளச்சேரியில் இருக்கும். ஆக 48 வேளை சாப்பிடாமலே போகிறது. 42 வேளைக்கு 4,500 ரூபாய் என்றால் ஒரு வேளை 107 ரூபாய். ஆபீஸ் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு வேறு தனியாகக் காசு கொடுப்பான்.

அதே பையன் மாதக் கணக்கு வைக்காமல், காலை 20 நாள் டிபன் சென்டரில் 45 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 900. ராத்திரிக்கு மட்டும் மெஸ்ஸில் 65 ரூபாய் வீதம் 20 டோக்கன் வாங்கினால் 1,300, அதில் 18தான் செலவாகும், மீதி இரண்டு அடுத்த மாதத்துக்கு. சென்னையில் இருக்கும் நான்கு வார இறுதி மதியங்களுக்கு 110 ரூபாய் முழுச் சாப்பாடு, 440. மொத்தம் 2,640. ஆபீஸ் பக்கம் 22 நாள் மதியம் 80 ரூபாய்க்குச் சாப்பிட்டாலும் 1,760, எல்லாம் சேர்த்து 4,400. மெஸ்ஸுக்கு மட்டும் கட்ட இருந்த 4,500ஐவிடக் குறைவு, இதில் மதியமும் அடங்கிவிட்டது.

எல்லோருக்கும் இதே கணக்கு வராது. மெஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறவர், ஆறு நாள் வேலை, ஊருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் போவார் என்றால் அவருக்கு மாதக் கணக்குதான் லாபம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி அந்தப் பக்கமே கடையில் வேலை செய்கிறவர்களுக்கு மாதக் கணக்கு சரியாகப் பொருந்துவது அதனால்தான். என் கணக்கில் 90க்கு 65 வேளைக்கு மேல் சாப்பிடுவீர்கள் என்றால் மாதம் கட்டுங்கள், அதற்குக் கீழே என்றால் டோக்கன் கேளுங்கள். 'எங்களிடம் டோக்கன் இல்லை, மாதம்தான்' என்று சொன்னாலும் ராத்திரிக்கு மட்டும் தனியாக மாத விலை கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மூன்று வேளையும் மூன்று இடம்

காலைக்கு டிபன் சென்டர். நாலு இட்லி, அல்லது ஒரு பொங்கல் ஒரு வடை, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அட்வான்ஸ் கிடையாது, பிடிக்காவிட்டால் நாளை அடுத்த கடை. எதைப் பார்க்க வேண்டும் என்றால் சட்னியை. இட்லி சுடச்சுட வரும், அதில் பெரிய ஆபத்து இல்லை, வயிற்றைக் கெடுப்பது தேங்காய்ச் சட்னி. விடிகாலை அரைத்து வாளியில் வைத்து, கூட்டம் வர வரத் தண்ணீர் ஊற்றி நீட்டிக்கொண்டே போவார்கள். சென்னை வெயிலில், அதுவும் ஏப்ரல் மேயில், ஒன்பதரை மணி சட்னி ஆறு மணி சட்னி கிடையாது. ஓரத்தில் சின்னச் சின்ன நுரை, லேசான புளிப்பு வாடை, கரண்டியில் எடுத்தால் நூல் விடுவது, இதில் எது தெரிந்தாலும் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லேட்டாகச் சாப்பிடுகிறவர் என்றால் காரச் சட்னியோ பொடியோ கேளுங்கள். இட்லி லேசாக மஞ்சள் அடித்து, உப்பிக்கொண்டு, சோப்பு மாதிரி ஒரு ருசி இருந்தால் சோடா உப்பு அதிகம் என்று அர்த்தம். வடை கறுத்து, கையில் பிசுபிசுத்து, சாப்பிட்டதும் தொண்டை கரகரத்தால் எண்ணெய் பழசு. அந்தக் கடையில் பூரியும் தொடாதீர்கள்.

மதியம்தான் கஷ்டமான வேளை. ஆபீஸ் கேன்டீன் சுமாராக இருந்தால்கூட அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலையில் கட்டிக் கொடுக்கும் ஆள் வேண்டும். சில மெஸ்களில் ஏழரை மணிக்கே கலந்த சாதம் தயாராக இருக்கும், அதை டப்பாவில் வாங்கிப் போகலாம். புளி சாதம், எலுமிச்சை சாதம் மதியம் வரை தாங்கும். தயிர் சாதம் கேட்டால், பால் அதிகமாக ஊற்றித் தயிர் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்ததா என்று கேளுங்கள், அப்படிப் பிசைந்தால் ஒரு மணிக்குச் சரியான பதத்தில் இருக்கும், முழுக்கத் தயிரில் பிசைந்தால் அதற்குள் புளித்துவிடும். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டு டப்பாவுக்கு வேண்டாம். அப்புறம், ஆவி பறக்க அடைத்த டப்பாவை ஆபீஸுக்குப் போனதும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், மூடியில் வேர்க்கிற தண்ணீர் சோற்றில் விழுந்தால் சீக்கிரம் ஊசிவிடும்.

சோற்றைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சமைத்த சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அதில் வளரும் ஒரு கிருமி நஞ்சை விட்டுவிடும், அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. மதியம் மிஞ்சிய பார்சல் சோற்றை ராத்திரி மைக்ரோவேவில் வைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். வந்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் சரி, மேசையில் கிடந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

ராத்திரிக்கு மெஸ். நிஜமாக மெஸ் தேவைப்படுவது இந்த ஒரு வேளைக்குத்தான், ஏனென்றால் களைத்துப் போய் வரும்போது பக்கத்தில் பரோட்டாக் கடையும் ஃப்ரைடு ரைஸ் வண்டியும் இருக்கும், தினமும் அதில் முடிந்தால் மூன்று மாதத்தில் வயிறு சொல்லிவிடும். ராத்திரி சோறும் ரசமும் பொரியலும் கிடைக்கிற மெஸ் பக்கத்தில் இருந்தால் விலை பத்து ரூபாய் கூட என்றாலும் அதையே பிடியுங்கள். பல மெஸ்களில் ராத்திரி தோசை, சப்பாத்தி மட்டும்தான் இருக்கும், காய் கண்ணில் படாது. அங்கே என்றால் இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு முன் ஒரு வாரம்

எந்த மெஸ்ஸாக இருந்தாலும் முதல் வாரம் ரொக்கத்துக்குச் சாப்பிடுங்கள், கணக்கைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். நல்ல நேரத்தில் போய்ப் பார்த்துப் பயனில்லை. ஒருநாள் மதியம் இரண்டரைக்குப் போங்கள், பொரியல் தீர்ந்திருந்தால் பரவாயில்லை, ஆனால் ரசத்தில் வெறும் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று அந்த நேரத்தில்தான் தெரியும். ஒரு திங்கட்கிழமை ராத்திரி போங்கள், ஞாயிறு மிஞ்சியது வேறு பெயரில் வருகிறதா என்று பாருங்கள். ஒருநாள் மெஸ் மூடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போங்கள், மிஞ்சியதை என்ன செய்கிறார்கள் என்று தெரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஓஎம்ஆர் பக்கம் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான் பிழைப்பு. குடிக்கக் கேன் வைப்பார்கள், ஆனால் சட்னியும் மோரும் கலக்குவது எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. கை கழுவும் இடத்துக்குப் போகிற சாக்கில் பாத்திரம் தேய்க்கிற இடத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், தட்டை ஒரே தொட்டித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா, ஓடுகிற தண்ணீரில் அலசுகிறார்களா என்று தெரிந்துவிடும். சுவரில் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும், அதில் 14 இலக்க எண் இருக்கும். சான்றிதழ் இருந்தால் சுத்தம் என்று ஆகிவிடாது, ஆனால் கேட்டவுடன் முகம் சுளிக்கிறார் என்றால் யோசியுங்கள்.

பழைய ஆட்களிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய சோதனை. டோக்கன் கிழிக்கிறவர் ஒருவரிடம், 'அண்ணே, எத்தனை மாசமா இங்க சாப்பிடுறீங்க?' என்று கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிடுகிற மூன்று பேர் கிடைத்தால் அந்த மெஸ்ஸை நம்பலாம். எல்லோருமே போன மாதம் சேர்ந்தவர்கள் என்றால், அதற்கு முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்ன பேசிக்கொள்ள வேண்டும்

சரி, பிடித்துவிட்டது. பணம் கொடுப்பதற்கு முன்னால் கல்லாவில் இருப்பவரிடம் சில விஷயம் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முக்கியமானது ஊருக்குப் போகும் நாட்களுக்குக் கழிவு. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால்தான் கழிப்போம் என்று சில இடத்தில் சொல்வார்கள், அப்படியென்றால் சனி ஞாயிறு ஊருக்குப் போகிறவருக்கு ஒரு பைசா கழியாது. நேராகவே கேளுங்கள்: 'அண்ணே, வெள்ளிக்கிழமை ராத்திரில இருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்க மாட்டேன், முன்னாடியே சொன்னா கழிச்சுக்குவீங்களா?' பெரும்பாலும், 'முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு தம்பி' என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ராத்திரியே மாவு அரைத்து, காய்க்குச் சொல்லி, எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள், காலையில் சொன்னால் அவருக்கு நஷ்டம்தான். நீங்கள் சொல்வதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள், மாதக் கடைசியில் ஞாபகம் பற்றிச் சண்டை வராது.

டோக்கன் என்றால் எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று கேளுங்கள். மாதம் முடிந்தால் செல்லாது என்றால் அது டோக்கன் பெயரில் மாதக் கணக்குதான், 20க்குப் பதில் 15 வாங்குங்கள். ஞாயிறு ராத்திரி திறந்திருக்குமா, பார்சலுக்குத் தனிக் காசா, நண்பன் வந்தால் உங்கள் டோக்கனில் சாப்பிடலாமா, ஆம்லெட்டும் மீனும் தனி நோட்டில் ஏறுமா, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனி நோட்டில் ஏறும் என்றால் அன்றன்றைக்குக் காசு கொடுத்துவிடுவது நல்லது. மாதக் கடைசியில் 'எக்ஸ்ட்ரா' என்று வரும் தொகையைச் சரிபார்க்க யாராலும் முடியாது.

முதல் முறை 15 நாளுக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் இடத்தில் இன்னும் கவனம். மெஸ் நடத்துவது கையிருப்புக் குறைந்த தொழில், அரிசி மூட்டையும் 19 கிலோ வணிக சிலிண்டரும் நம் முன்பணத்தில்தான் வாங்குவார்கள். கடை கைமாறினால் புதிதாக எடுத்தவர் பழைய டோக்கனை வாங்க மாட்டார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பார்சல் வாங்குகிறவர் என்றால் சொந்தமாக ஒரு சின்ன எவர்சில்வர் கேரியர் வாங்கிவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கில் பல வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் அதில் சேர்த்தி, ஆனாலும் கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றிக் கட்டுவது நிற்கவில்லை. கேரியர் கொண்டு போனால் அந்தக் கவர் வேண்டாம், குழம்பும் இரண்டு கரண்டி கூட விழும்.

வீட்டுச் சாப்பாடு, ஆப், பிஜி

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டிலேயே சமைத்துப் பத்து இருபது பேருக்குக் கேரியர் கொடுக்கும் அக்காக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எண்ணெய், காரம் குறைவு, வயிற்றுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. விளம்பரம் இருக்காது, குடியிருப்பு வாட்ச்மேனிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேட்டால் தெரியும். இதில் ஒரே சிக்கல், சமைப்பது ஒரே ஆள். அவருக்குக் காய்ச்சல் என்றாலோ ஊரில் கல்யாணம் என்றாலோ அன்றைக்குச் சாப்பாடு இல்லை, காலை எட்டு மணிக்குத்தான் தகவல் வரும். அதனால் அவரிடம் ஒரு வேளை மட்டும் வையுங்கள், மற்ற வேளை வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஆப்பில் வரும் மாதத் திட்டங்களில் பணம் கட்டும் முன் மூன்று இடத்தைத் தேடிப் படியுங்கள்: டெலிவரிக் கட்டணம் விலைக்குள் அடங்கியதா, நிறுத்தி வைக்க எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், மாதம் முடிந்ததும் தானாகப் பணம் எடுக்குமா. தானாக எடுக்கும் என்றால் யுபிஐ ஆப்பில் அந்த அனுமதியை அன்றைக்கே ரத்து செய்துவிடலாம், கட்டிய மாதத்துக்கு அது தடையாக இருப்பதில்லை.

பிஜியில் சேர்கிறவர்கள் சாப்பாட்டோடு எவ்வளவு, சாப்பாடு இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு விலையும் கேளுங்கள். வித்தியாசம் 2,500 என்றால், மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்ணிக்கையால் அதை வகுத்துப் பாருங்கள், நமக்கு 42 வேளை என்றால் ஒரு வேளை 60 ரூபாய். சாப்பாடு நன்றாக இருந்தால் அது மோசமில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் மெனுவை நம்பாமல், சேர்வதற்கு முன் ஒரு ராத்திரி காசு கொடுத்து அங்கே சாப்பிடுகிறேன் என்று கேளுங்கள்.

சேர்ந்த பிறகு

மெஸ் ஒருநாளில் மாறிவிடும். காரணம் பெரும்பாலும் மாஸ்டர் மாறியதுதான். குழம்பின் ருசி திடீரென்று வேறாக இருந்தால் சர்வரிடம் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார். புது மாஸ்டருக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கலாம். அரிசி மட்டமாகி, சாம்பாரில் பருப்பு அடியில்கூடத் தட்டுப்படாமல் போனால் அது விலைவாசி, காத்திருந்து பயனில்லை, கையிலிருக்கும் டோக்கனைத் தீர்த்துவிட்டு அடுத்த மெஸ்ஸைப் பாருங்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாஸ்டர், சர்வர் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதால் மெஸ்ஸும் டிபன் சென்டரும் சேர்ந்தாற்போல் சில நாள் மூடும். நீங்கள் ஊருக்குப் போகவில்லை என்றால் ஒரு வாரம் முன்பே எந்தெந்த நாள் மூடல் என்று கேட்டு, அந்த நாட்களையும் கழிக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் கை வறண்டால் மாநகராட்சியின் அம்மா உணவகம் இருக்கிறது, 2013இல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்ததுதான் விலை. சூடாக இருக்கும், கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆனால் நேரத்துக்குப் போக வேண்டும், லேட்டானால் தீர்ந்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அறையில் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வழி வைத்திருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தெருவில் வெள்ளம் நின்று, கடை, டெலிவரி, மின்சாரம் மூன்றும் ஒன்றாகப் போனது. கெட்டில், ரைஸ் குக்கர் எதுவும் அன்றைக்கு உதவாது. அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம், வாழைப்பழம், ஒரு கேன் குடிதண்ணீர் கூடுதலாக, இவ்வளவு போதும். அவலைத் தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் அடுப்பு இல்லாமலே ஒரு வேளை ஓடிவிடும்.